முதல் நாள் பேச்சு: ஒரு பில்லின் பின்னாலேயே போங்கள்

கேள்வி: எட்டு வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முதல் முறையாக ஒரு புராஜெக்டுக்குத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பில்லிங் சிஸ்டத்திலிருந்து வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாவற்றையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்ற வேண்டும். 18 வாரம் அவகாசம். டீமில் ஒன்பது பேர்: டேட்டா பிரிவிலிருந்து இருவர், மென்பொருள் செய்யும் வெளி நிறுவனத்திலிருந்து மூவர், அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து இருவர், டெஸ்டிங்குக்கு ஒருவர், வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒருவர். யாருக்கும் யாரையும் தெரியாது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் இருவரும் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள். வரும் திங்கட்கிழமை முதல் கூட்டம், எனக்கு அரை மணி நேரம். 24 ஸ்லைடு செய்து வைத்திருக்கிறேன். "இன்று முதல் நாம் ஒரே குடும்பம்" என்று தொடங்கும் உரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது போதுமா? மூத்தவர்கள் முன்னால் எந்தத் தொனியில் பேசுவது? எழுதி வைத்துப் படிக்கலாமா?

— ஒரு வாசகி

பதில்: வணக்கம். உங்கள் உரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் 'பில்' என்ற சொல்லே கண்ணில் படுகிறது. அதற்கு முன்னால் இருப்பது நிறுவனத்தின் வரலாறு, உங்கள் அனுபவம், ஒற்றுமையைப் பற்றிய இரண்டு பத்தி. அந்த இரண்டரைப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். குடும்பம் என்ற வரியும் அதோடு போகட்டும்.

அந்த வரி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வெளி நிறுவனத்திலிருந்து வரும் மூவருக்கும் தங்கள் ஒப்பந்தம் 18 வாரத்தில் முடிகிறது என்று தெரியும். அவர்கள் காதில் அது உண்மையாக விழாது. முதல் வரியே அப்படி விழுந்தால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையான விஷயத்தையும் தள்ளுபடி செய்துதான் கேட்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் நாம் பாதி விஷயத்தை வாயைத் திறக்காமலே புரிய வைத்துவிடுவோம். முகம் பார்த்தே தெரிந்துவிடும். அறிமுகமில்லாத ஒன்பது பேருக்கு நேர் எதிரானது தேவை. யாருக்கும் எதுவும் தானாகப் புரியாது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்போடுதான் அவர்கள் தொடங்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு விமானத் துறையிலிருந்து ஒரு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1978 முதல் 1990 வரை விமானக் குழுவினரின் தவறும் காரணமாக இருந்த 37 பெரிய விபத்துகளை ஆராய்ந்து 1994-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. கேப்டனும் துணை விமானியும் எத்தனை நாளாகச் சேர்ந்து பறந்தார்கள் என்ற தகவல் எல்லா விபத்துக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் 73 சதவீதம், அந்த இருவரும் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தன. 44 சதவீதம் முதல் பயணத்திலேயே. எண்ணிக்கை சிறியதுதான், பதினைந்து பதினாறு விபத்துகளை வைத்துச் சொல்லும் கணக்கு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இருவருமே முழுப் பயிற்சி பெற்றவர்கள். பக்கத்தில் இருப்பவர் எதைக் கவனிப்பார், எதை என்னிடம் எதிர்பார்க்கிறார், நான் குறுக்கிட்டால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் அவர்களுக்கு இன்னும் தெரியாதது.

உங்கள் ஒன்பது பேருக்கும் திங்கட்கிழமை அதே நிலைதான். வேலை தெரியும், ஆள் தெரியாது. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் உங்கள் பேச்சின் வேலை. உற்சாகம் ஊட்டுவது அதற்கு அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மாற்ற வேலை, பன்னிரண்டு பேர் டீம், சந்தாதாரர்களின் கணக்குகள். முதல் நாள் நான் பேசியதற்குக் கைதட்டல் கிடைத்தது. "என் கதவு எப்போதும் திறந்திருக்கும், எந்தப் பிரச்சினை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்று முடித்தேன். ஏழாவது வாரம் சோதனை ஓட்டம் நடத்தினோம். நூற்றுக்கணக்கான கணக்குகளில் புதுப்பிக்கும் தேதி தப்பாக வந்தது. தேடிப் பார்த்தால், பழைய சிஸ்டத்தில் ஒரு பகுதிப் பதிவுகளில் நாள் முன்னாலும் மாதம் பின்னாலும் இருந்தன, இன்னொரு பகுதியில் மாதம் முன்னால், நாள் பின்னால். 25/07 மாதிரி ஒரு தேதி வந்தால் கணினியே தடுத்துவிடும், 25-வது மாதம் கிடையாதே. ஆனால் 03/07 வந்தால் இரண்டு விதமாகவும் செல்லும். ஜூலை 3 என்பது சத்தமில்லாமல் மார்ச் 7 ஆகிவிடும். பன்னிரண்டாம் தேதி வரைக்கும் இருந்த பதிவுகளெல்லாம் அப்படித்தான் ஆகியிருந்தன.

எனக்கு வருத்தம் பிழையைப் பற்றி அல்ல, அப்புறம் தெரிந்த விஷயத்தைப் பற்றி. டேட்டா பக்கம் இருந்த இளைஞர் ஒருவர் இதை இரண்டாவது நாளே பார்த்திருக்கிறார். தன் நோட்டில் "தேதி இரண்டு மாதிரி இருக்கே?" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை எனக்கே காட்டினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இங்கே எல்லாரும் அனுபவஸ்தர்கள், கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் சார். அதுவும் போக, இதை உங்ககிட்ட சொல்லணுமா, மென்பொருள்காரங்ககிட்ட சொல்லணுமான்னு தெரியல" என்றார். என் கதவு திறந்துதான் இருந்தது. எந்த மாதிரி விஷயத்தோடு, எந்த நேரத்தில், யாரைத் தேடி அதற்குள் வருவது என்று நான் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு முதல் நாள் பேச்சை நான் தயாரிக்கும் விதமே மாறிவிட்டது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பேச்சு திங்கட்கிழமை தொடங்குவதில்லை, அதற்கு முந்தின வியாழனும் வெள்ளியும் தொடங்குகிறது.

ஒன்பது பேருக்கும் தனித்தனியாக ஒரு போன் போடுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், மொத்தம் இரண்டேகால் மணி நேரம். மூன்று கேள்வி போதும். இதைப் போன்ற வேலை முன்பு செய்திருக்கிறீர்களா, அதில் எது சொதப்பியது? இந்தத் திட்டத்தில் எந்த இடம் உங்களை உறுத்துகிறது? இந்த 18 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் உண்மையிலேயே உங்களால் தர முடியும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் ஆச்சரியம் தரும். ஆள் ஒதுக்கீட்டுப் பட்டியலில் 'முழு நேரம்' என்று இருக்கும், அவரிடம் கேட்டால் இரண்டு நாள்தான் என்பார். உங்கள் அக்கவுண்ட்ஸ்காரர்கள் இருவரும் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் தலை நிமிர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 18 வாரத்தில் நான்கு மாதக் கடைசி வரும். அந்த நாட்களில் அவர்கள் சரிபார்க்க வேண்டிய வேலையை நீங்கள் வைத்திருந்தால், திட்டம் காகிதத்திலேயே ஒரு வாரம் இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். இது கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தெரியவருவதைவிட வெள்ளிக்கிழமை போனில் தெரிந்துகொள்வது எவ்வளவோ நல்லது.

முதல் இரண்டு அழைப்பும் அந்த மூத்தவர்கள் இருவருக்கும் போகட்டும். தொனி பற்றிய உங்கள் கவலையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது பேச்சு. வழக்கமாக என்ன செய்வோம்? "முதலில் எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று வட்டமாகச் சுற்றிவரச் சொல்வோம். உங்கள் நான்காவது ஸ்லைடிலும் அதுதான் இருக்கிறது. அதனால் பயன் ரொம்பக் குறைவு. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973-ல் சோதித்துப் பார்த்துச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. வரிசையாகப் பேச வேண்டிய இடத்தில், தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர்கள் சொன்னது மனிதருக்கு நினைவில் தங்குவதில்லை. மனசு தன் வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தால், ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரைக் கேட்காமல் விடுகிறார்கள். சுற்று முடியும்போது பெயர்கள் காற்றில் போயிருக்கும். யார் எதற்கு வந்திருக்கிறார் என்பது நிச்சயம் தங்காது.

அதற்குப் பதில் நான் செய்வது இதுதான். வேலை கடந்து போகும் பாதையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதையில் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் அவரை நானே அறிமுகப்படுத்துவேன். உங்கள் விஷயத்தில் பாதை கண்ணெதிரே இருக்கிறது: ஒரு வாடிக்கையாளர், அவருடைய ஒரு பில். உண்மையான ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, கணக்கு எண் மூன்றையும் மறைத்துவிட்டு ஆளுக்கு ஒரு நகல் கையில் கொடுங்கள். 24 ஸ்லைடுக்குப் பதில் இந்த ஒரு தாள். இடையில் முகவரி மாறிய, பாதியில் திட்டம் மாற்றிய, ஒரு தடவை பணம் திரும்பப் பெற்ற வாடிக்கையாளராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சிக்கல் எல்லாம் அந்த மாதிரிக் கணக்கில்தான் வரும். அப்புறம் இப்படிப் பேசலாம்:

"வணக்கம். 18 வாரம் கழித்து இந்தப் பில் புதிய சிஸ்டத்திலிருந்து போகணும். இதில் இருக்கிற தொகை மாறக் கூடாது. வாடிக்கையாளருக்கு சிஸ்டம் மாறியதே தெரியக் கூடாது. நம்ம வேலை இவ்வளவுதான். இப்போ இந்தத் தாள் நம்ம கையில எப்படி நகருதுன்னு பார்ப்போம். இது பழைய சிஸ்டத்தில் ஒரே இடத்தில் இல்லை, ஐந்து இடத்தில் துண்டு துண்டா இருக்கு. அதைச் சேர்த்து எடுக்கப்போறவங்க இவங்க ரெண்டு பேர். இடது பக்கம் இருக்கிறவர் பழைய சிஸ்டத்தோட உள்கட்டமைப்பை ஆறு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கார். எந்தக் கட்டம் எதுக்குன்னு சந்தேகம் வந்தா நேரா இவர்கிட்டதான் போகணும். எடுத்தது இந்த மூணு பேர் கைக்கு வரும். புதிய சிஸ்டத்தில் எந்தக் கட்டத்தில் எது உட்காரணும்னு இவங்க எழுதுவாங்க. இதே மாதிரி ஒரு மாற்றத்தில், திரும்பக் கொடுத்த பணம் ரெண்டு தடவை கழிஞ்சுபோனதுன்னு வெள்ளிக்கிழமை என்கிட்ட சொன்னாங்க. அதனால இந்தத் தாளில் மூணாவது வரியைப் பாருங்க, அங்கே ஒரு ரீஃபண்ட் இருக்கு..."

இப்படியே டெஸ்டிங், அக்கவுண்ட்ஸ், வாடிக்கையாளர் சேவை என்று தாள் நகரட்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: அவர் கையில் இந்தப் பில்லுக்கு என்ன நடக்கும், எந்தக் கேள்விக்கு அவரிடம் போக வேண்டும். படிப்பு, பட்டம், எத்தனை வருட அனுபவம் எதுவும் வேண்டாம். அவரைப் பற்றி நீங்கள் சொல்லப்போவதைப் போனிலேயே அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், தப்பான அறிமுகம் முதல் நாளிலேயே மனக்கசப்பாகிவிடும். ஒவ்வொருவர் முடிவிலும் "நான் சொன்னதில் ஏதாவது விட்டுப்போச்சா?" என்று அவரைப் பார்த்துக் கேளுங்கள். அவர் ஒரு வாக்கியமாவது பேசுவார். முதல் கூட்டத்தில் ஒரு வாக்கியம் பேசியவர் இரண்டாவது கூட்டத்தில் பேசுவது சுலபம். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அரை மணி நேரத்தில் இதுதான் பெரிய பங்கு, அப்படியே இருக்கட்டும்.

இதைச் செய்யும்போது இன்னொன்றும் நடக்கும். தாள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில் உங்களுக்கே வார்த்தை தடுமாறும். "இதை... டெஸ்டிங் பார்த்துட்டு அக்கவுண்ட்ஸ்... இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து..." என்று இழுப்பீர்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே யார் பொறுப்பு என்று யாருமே முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வாய்விட்டுப் பேசிப் பார்த்தால் இது முன்கூட்டியே அகப்பட்டுவிடும்.

மூத்தவர்கள் முன்னால் தொனி என்ன என்று கேட்டிருந்தீர்கள். ராபர்ட் ஜின்னெட் என்ற ஆய்வாளர், முன்பின் சேர்ந்து பறந்திராத விமானக் குழுக்களிடம் கேப்டன்கள் முதல் சில நிமிடங்களில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். நல்ல குழுவை உருவாக்குபவர்கள் என்று பெயர் வாங்கிய கேப்டன்கள், ஒரே பேச்சில் இரண்டையும் செய்தார்கள். சில விஷயங்களில் 'இது இப்படித்தான்' என்று தெளிவாகச் சொன்னார்கள். வேறு சிலவற்றில் தாங்கள் தவறக்கூடியவர்கள் என்று ஒப்புக்கொண்டு, சுட்டிக்காட்டச் சொன்னார்கள். முழுக்க அதிகாரமும் இல்லை, முழுக்கப் பணிவும் இல்லை. எது எந்தப் பக்கம் என்பது கேட்பவருக்கு விளங்கியது.

உங்கள் உரையில் பணிவு மட்டும்தான் இருக்கிறது. "நான் உங்களைவிடச் சிறியவள், உங்கள் அனுபவத்திடமிருந்து கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று இரண்டு இடத்தில் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்பவருக்கு, 'அப்போ முடிவு எடுப்பது யார்?' என்ற கேள்விதான் மிஞ்சும். வயதைப் பற்றிப் பேசவே வேண்டாம், முடிவுகளைப் பற்றிப் பேசுங்கள். இப்படி:

"வேலை வரிசை, தேதி, எது முதல் கட்டத்தில் வரும், எது வராது, இதெல்லாம் நான் முடிவு பண்ணுவேன். தப்பானா என் பொறுப்பு. ஆனா ஒரு கணக்கு சரியா இருக்கா இல்லையாங்கிறதை நான் முடிவு பண்ண மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. அக்கவுண்ட்ஸ் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாம ஒரு கணக்குகூட மாறாது. நானே அவசரப்படுத்தினாலும் அவங்க மறுக்கலாம்."

இதைக் கேட்கும் மூத்தவருக்குத் தன் இடம் என்ன என்று தெரிந்துவிடுகிறது, உங்கள் இடமும் தெரிந்துவிடுகிறது. மரியாதை அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது, தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை போனில் இதையே அவர்களிடம் சொல்லி, "எந்த முடிவு உங்களிடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால், திங்கட்கிழமை அவர்கள் தலையசைப்பதை மற்ற ஏழு பேரும் பார்ப்பார்கள்.

அடுத்தது, என் பழைய தப்பு. கெட்ட செய்தி எப்படி வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'தயங்காமல் சொல்லுங்கள்' என்பது ஒரு வழியாகாது. விஷயம், நேரம், ஆள் மூன்றும் இருந்தால்தான் வழி. நான் இப்போது சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பார்க்கிறது உங்களுக்குப் புரியலைன்னா, அல்லது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தோணினா, அந்த நிமிஷமே குரூப்பில் ஒரு வரி போடுங்க. படம் எடுத்துப் போட்டாலும் போதும். அது பிரச்சினையா இல்லையான்னு நீங்க நிரூபிக்க வேண்டாம். தினமும் காலை பத்து மணிக்கு அந்த வரிகளைப் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் பேர் போடுறது என் வேலை." 'எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு தோணினா' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அந்த இளைஞரின் வாயை அடைத்தது அந்த எண்ணம்தான். உங்கள் டீமிலும் அது ஒருவருக்காவது வரும்.

கூடவே தேதிக் கதையைச் சொல்வேன். கதை என் தப்பைப் பற்றியது என்பதால் கேட்பவர்களுக்குத் தைரியம் வருகிறது. உங்களுக்கும் இந்த எட்டு வருடத்தில் தாமதமாகத் தெரிந்து கையைச் சுட்ட ஒரு விஷயம் இருக்கும். அதைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில். இன்னொருவரின் தப்பைச் சொல்லும் கதை வேண்டாம். அடுத்த தடவை என் பெயர் இப்படி வெளியே வருமோ என்ற பயம்தான் அதில் மிஞ்சும்.

பேசி முடித்ததும் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள், அறிமுகமில்லாதவர்கள் முன்னால் முதல் கேள்வி கேட்பது யாருக்கும் சங்கடம்தான். அதற்குப் பதில் அந்தப் பில்லைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். "18 வாரம் முடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கோங்க. இந்த வேலை படுதோல்வி. எதனால தோத்துச்சு? ரெண்டு நிமிஷம், பின்பக்கம் எழுதுங்க." கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிப் பரவலான முறை இது. 'என்ன தப்பு நடக்கலாம்' என்று கேட்டால் குறை சொல்வது போல ஆகிவிடுகிறது. 'தோற்றாகிவிட்டது, காரணம் சொல்லுங்கள்' என்றால் அதே விஷயம் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது, அதனால் எழுதுகிறார்கள். பிறகு ஆளுக்கு ஒன்று படிக்கட்டும். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் படித்தால், அவர் சொன்னதற்குப் பக்கத்திலேயே மற்ற எல்லாரும் வந்து நிற்பார்கள்.

இந்த ஐந்தாறு நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் "18 வாரம் பத்தாது" என்று எழுதியிருப்பார், கட்டாயம். உடனே "பாசிட்டிவா யோசிப்போமே" என்று வாயில் வரும். மேலதிகாரி கொடுத்த தேதி வேறு, தற்காக்கத் தோன்றும். அந்த ஒரு வாக்கியம் போதும், அரை மணி நேரப் பேச்சும் வீண். அவரிடம், "எந்த இடத்தில் பத்தாது? எத்தனை வாரம் குறையுது?" என்று கேளுங்கள். "சோதனை ஓட்டத்துக்கு ஒரே ஒரு வாரம்தான் வெச்சிருக்கீங்க. முதல் ஓட்டத்தில் வர்ற பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டவே மூணு வாரம் ஆகும்" என்று அவர் சொன்னால், அது உங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. அதைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் பெயர், ஒரு தேதி. "வியாழக்கிழமைக்குள்ள ரெண்டாவது ஓட்டத்துக்கு இடம் இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்." அப்புறம் வியாழக்கிழமை சொல்லிவிடுங்கள், பதில் 'இடமில்லை' என்றாலும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். கையில் இல்லாத எதையும், தேதி நீளும், ஆள் கூடும், சனிக்கிழமை வேலை இருக்காது என்று எதையும், திங்கட்கிழமை வாக்குக் கொடுக்காதீர்கள்.

பேச்சு வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? கைதட்டலை வைத்துத் தெரியாது. முதல் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சின்ன வேலை வையுங்கள்: இருபதே இருபது கணக்குகள், கூட்டத்தில் காட்டிய அந்தப் பில்லும் சேர்த்து, ஒன்பது பேர் கையையும் கடந்து போக வேண்டும். புதிய சிஸ்டம் தயாராக இல்லாவிட்டால் வெறும் அட்டவணைத் தாளில் போகட்டும், பரவாயில்லை. அந்த வாரம் செய்திகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று மட்டும் கவனியுங்கள். டேட்டாகாரர் ஒரு சந்தேகத்தை நேராக அக்கவுண்ட்ஸ்காரரிடம் கேட்டால் நல்ல அறிகுறி. எல்லாக் கேள்வியும் உங்களிடமே வந்து, நீங்களே கைமாற்றி விட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் இன்னும் ஒருவரையொருவர் அறியவில்லை. உங்களிடம் கேட்பவரிடம் பதில் சொல்லாமல், அவரையும் பதில் தெரிந்தவரையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் மாறும். குரூப்பில் ஒரு வரிகூட விழவில்லை என்றால் அதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது கணக்கில் ஒரு சந்தேகமும் வராமல் இருக்க வாய்ப்பே இல்லை. முதல் வரியை நீங்களே போடுங்கள், உண்மையிலேயே உங்களுக்குப் புரியாத ஏதோ ஒன்றை.

கடைசியாக, எழுதி வைத்துப் படிக்கலாமா என்ற கேள்வி. முழு உரையையும் படிக்க வேண்டாம். தாளைப் பார்த்துப் படிக்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது, அறிமுகப் பகுதியில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அதே சமயம் எல்லாவற்றையும் நினைவை நம்பி விடவும் வேண்டாம். முதல் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள், நடுக்கம் இருப்பது அங்கேதான். யார் எதை முடிவு செய்வது என்ற பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்து, வேண்டுமானால் அதை மட்டும் படியுங்கள், அங்கே ஒரு சொல் மாறினாலும் அர்த்தம் மாறும். நடுவில் இருக்கும் நீளமான பகுதிக்குக் குறிப்பே தேவைப்படாது. கையில் அந்தப் பில் இருக்கும், விரலை முதல் வரியில் வைத்துத் தொடங்குங்கள்.